மார்பு எக்ஸ்ரேயில் காணாமல் போகும் கோடு

மார்பு எக்ஸ்ரே நிழல்களால் ஆன படம். கதிர் உடலின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறது. வழியில் அது எவ்வளவு தடைபடுகிறதோ அந்த அளவுக்கு அந்த இடம் படத்தில் வெளுக்கும். காற்று ஏறக்குறைய தடுப்பதே இல்லை, அதனால் நுரையீரல் கறுப்பு. கொழுப்பு அடர்ந்த சாம்பல் நிறம். தசை, இரத்தம், நீர், சீழ் எல்லாம் ஒரே வெளிர் சாம்பல். எலும்பு வெள்ளை, உலோகம் அதைவிடப் பளிச்சென்ற வெள்ளை. படத்தில் உள்ளவை இந்த ஐந்து சாயல்கள்தான். இதயத்தின் தசையும் அதற்குள் ஓடும் இரத்தமும் ஒரே சாயல் என்பதால் இதயத்தின் நான்கு அறைகளும் தனித்தனியாகத் தெரிவதில்லை. அதன் வெளிக்கோடு மட்டும் தெரியும்.

அந்த வெளிக்கோடு ஏன் தெரிகிறது என்பது புரிந்துவிட்டால் மார்பு எக்ஸ்ரே பாதி புரிந்த மாதிரி. செங்கல் சுவருக்கு முன்னால் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் நின்றால் வேட்டியின் ஓரம் தெளிவாகத் தெரியும். அவரே சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றால் வேட்டி எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. இதயத்தின் ஓரம் தெரிவது அதை ஒட்டி இருக்கும் நுரையீரலில் காற்று நிறைந்து கறுப்பாக இருப்பதால்தான். அந்த இடத்து நுரையீரலில் காற்றுக்குப் பதில் சீழோ நீரோ நிறைந்துவிட்டால் இரண்டும் ஒரே சாயலாகி ஓரம் அழிந்துவிடும். அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த கதிரியக்க மருத்துவர் பெஞ்சமின் ஃபெல்சன் 1950இல் இதை ‘சில்லவுட் சைன்’ என்ற பெயரில் விளக்கி எழுதினார். மருத்துவ மாணவர்கள் இன்றும் அந்தப் பெயரிலேயே இதைப் படிக்கிறார்கள். நிழல்கோட்டு அறிகுறி என்று தமிழில் சொல்லலாம்.

எக்ஸ்ரேயை முதன்முறை கையில் எடுக்கும் மாணவர் வெள்ளையாக எங்காவது திட்டு இருக்கிறதா என்று தேடுவது இயல்பு. அனுபவம் உள்ளவர் அதோடு இன்னொன்றையும் தேடுகிறார்: இருக்க வேண்டிய கோடுகள் எல்லாம் இருக்கின்றனவா? இல்லாத ஒன்றைக் கவனிப்பது இருக்கும் ஒன்றைக் கவனிப்பதைவிடக் கடினம். ஒவ்வொரு படத்தையும் ஒரே வரிசையில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

முதலில் பார்க்க வேண்டியது நோயைப் பற்றியது அல்ல. படத்தில் உள்ள பெயர், வயது, தேதி அந்த நோயாளிக்கு உரியவைதானா, இடம் வலம் குறிக்கும் எழுத்து எங்கே இருக்கிறது என்பவை. படம் பார்ப்பவருக்கு எதிரே நோயாளி நின்று முகம் பார்ப்பதுபோல வைக்கப்படும், ஆகவே நோயாளியின் வலப்பக்கம் பார்ப்பவரின் இடக்கைப் பக்கம் இருக்கும். சிலருக்குப் பிறவியிலேயே இதயம் வலப்பக்கம் அமைந்திருக்கும். பக்க எழுத்தைப் பார்க்காமல், இதயம் வழக்கமான பக்கம் வரும்படி படத்தைத் திருப்பி மாட்டிவிட்டால் அது தெரியாமலே போய்விடும். ஒரு பக்கம் நுரையீரல் சுருங்கி, காற்றை வெளியேற்றக் குழாய் போட வேண்டிய நேரத்தில் இந்தக் குழப்பம் உயிருக்கே ஆபத்தாகும்.

அடுத்து, படம் எந்தப் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பது. நடக்க முடிந்தவரை நிற்க வைத்து, மார்பைப் பலகையோடு ஒட்டச் சொல்லி, முதுகுப் பக்கமிருந்து கதிரைச் செலுத்துவார்கள். இது பி.ஏ. படம். கதிர்க்குழாய் ஏறக்குறைய 180 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். எழ முடியாதவருக்குக் கட்டிலிலேயே முதுகுக்கு அடியில் பலகையை வைத்து மேலிருந்து எடுப்பார்கள். இது ஏ.பி. படம். விளக்குக்கு அருகில் கையை நீட்டினால் சுவரில் விழும் நிழல் பெரிதாகவும், சுவருக்கு அருகில் நீட்டினால் கையின் அளவாகவும் இருப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். இதயம் மார்பின் முன்புறம் இருப்பதால் பி.ஏ. படத்தில் அது பலகைக்கு அருகில் வருகிறது, நிழல் உண்மை அளவை ஒட்டியே விழுகிறது. ஏ.பி. படத்தில் அதே இதயம் பெரிதாகத் தெரியும். பி.ஏ. படத்தில், இதயத்தின் அகலம் மார்புக்கூட்டின் உள் அகலத்தில் பாதிக்கு மேல் போனால் இதயம் பெரிதாகியிருக்கிறது என்பது பெரியவர்களுக்கான கணக்கு. கட்டில் படத்தை வைத்து அந்தக் கணக்கைப் போட்டு, இல்லாத இதய வீக்கத்தைக் கண்டுபிடிப்பது மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

படத்தின் தரத்தை மூன்று கேள்விகளில் முடித்துவிடலாம். நோயாளி நேராக நின்றாரா? இரு காறை எலும்புகளின் உள்முனைகளும் நடுவில் தெரியும் முதுகெலும்பு முள்ளிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால் நேராக நின்றிருக்கிறார். உடல் திரும்பியிருந்தால் ஒரு நுரையீரல் மற்றதைவிடக் கறுத்தும், இதயம் இடம் மாறியதுபோலவும் தோன்றும். மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாரா? காறை எலும்பின் நடுவிலிருந்து நேர்கோடாக இறங்கினால் உதரவிதானத்துக்கு மேலே ஐந்து முதல் ஏழு வரை முன்விலா எலும்புகளை எண்ண முடிய வேண்டும். அரைமூச்சில் எடுத்த படத்தில் கீழ்ப்பகுதி நுரையீரல் நெருங்கிக் கலங்கலாகி நிமோனியா போலவே காட்சி தரும். கதிர் போதிய அளவு ஊடுருவியதா? இதய நிழலின் வழியே முதுகெலும்புகள் மங்கலாகவேனும் தெரிய வேண்டும். இந்த மூன்றாவது கேள்வியை மாணவர்கள் சடங்காகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். இதயத்துக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்க முடியுமா முடியாதா என்பதே அந்தக் கேள்வியின் பொருள்.

தரம் பார்த்த பிறகு நோக்கு கழுத்திலிருந்து தொடங்குகிறது. மூச்சுக்குழாய் கறுத்த பட்டையாக நடுவில் இறங்க வேண்டும். பெருந்தமனியின் வளைவு இடப்பக்கமிருந்து தள்ளுவதால் அங்கே மட்டும் அது சற்றே வலப்பக்கம் சாயும், அது இயல்பு. அதற்கு மேல் விலகினால் கேட்க வேண்டியது: தள்ளப்பட்டதா, இழுக்கப்பட்டதா? நுரையீரல் உறைக்குள் தேங்கிய ஏராளமான நீரோ, அழுத்தத்தோடு சேர்ந்த காற்றோ குழாயை எதிர்ப்பக்கம் தள்ளும். காற்றிழந்து சுருங்கிய நுரையீரலும், பழைய காசநோயின் தழும்பும் தம் பக்கம் இழுக்கும். ஒரு பக்க மார்பு முழுக்க வெளுத்துப்போன படம் வார்டில் வரும்போது, உள்ளே இருப்பது நீரா, சுருங்கிய நுரையீரலா என்பதைப் பெரும்பாலும் மூச்சுக்குழாய் சாய்ந்திருக்கும் திசையே சொல்லிவிடும்.

பிறகு இதயத்தின் ஓரங்கள். வலது ஓரம் வலது மேலறை, அதை ஒட்டியிருப்பது வலது நுரையீரலின் நடுமடல். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகப் பெருந்தமனியின் முடிச்சு, நுரையீரல் தமனி, இடது கீழறை என்று வரும். அந்தக் கீழ்ப்பகுதி ஓரத்தை ஒட்டியிருப்பது இடது மேல்மடலின் நாக்கு போன்ற சிறு பகுதியான லிங்குலா. உதரவிதானத்தின் மேல் அமர்ந்திருப்பவை கீழ்மடல்கள். இப்போது ஃபெல்சனின் விதி நேரடியாகப் பயன்படுகிறது. இதயத்தின் வலது ஓரம் அழிந்திருந்தால் நோய் நடுமடலில். வலது உதரவிதானத்தின் கோடு அழிந்து, இதய ஓரம் தெளிவாக இருந்தால் நோய் கீழ்மடலில். முன்னும் பின்னுமாக இருக்கும் இரண்டு மடல்கள் தட்டையான ஒரே படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தாலும், எந்தக் கோடு அழிந்தது என்பதை வைத்து நோயின் ஆழத்தைச் சொல்ல முடிகிறது.

இதயத்தின் இரு பக்கமும், நுரையீரலுக்குள் இரத்தக்குழாய்களும் மூச்சுக்கிளைகளும் நுழையும் இடம் ஹைலம். படத்தில் அது கிளைவிட்ட நிழலாகத் தெரியும். மாணவர்கள் பயப்படும் பகுதி இது, ஏனென்றால் இயல்பான ஹைலமே ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆனால் உறுதியாகப் பிடித்துக்கொள்ள ஒரு விதி உண்டு: இடது ஹைலம் வலதைவிடச் சற்று உயரத்தில் இருக்கும். சிலருக்கு இரண்டும் ஒரே உயரம். இடது ஹைலம் வலதைவிடத் தாழ்ந்திருந்தால், ஏதோ ஒன்று அதைக் கீழே இழுத்திருக்கிறது அல்லது வலதை மேலே இழுத்திருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

நுரையீரல்களை மேல், நடு, கீழ் என்று மூன்றாகப் பிரித்து, இடமும் வலமும் மாறி மாறி ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல முறை. ஒன்றைப் பார்த்து முடித்துவிட்டு மற்றதற்குப் போனால் சிறு வேறுபாடு கண்ணில் படாது. காற்றுக்குப் பதில் சீழ் நிறைந்த நிமோனியா வெள்ளைத் திட்டாகத் தெரியும், அந்த வெள்ளைக்குள் காற்றுள்ள மூச்சுக்கிளைகள் கறுத்த கோடுகளாக ஓடுவதும் உண்டு. நுரையீரல் உறைக்குள் காற்று புகுந்திருந்தால், சுருங்கிய நுரையீரலின் ஓரம் மெல்லிய வெள்ளைக் கோடாகவும், அதற்கு வெளியே இரத்தக்குழாய்க் கீற்று ஒன்றுகூட இல்லாத கறுப்பாகவும் இருக்கும். மேல்நுனிகளைக் காறை எலும்பும் முதல் விலாவும் மூடிக்கொண்டிருப்பதால் அங்கே தனியாக நின்று பார்க்க வேண்டும். நுரையீரல் காசநோய் விரும்பித் தங்கும் இடம் அது. நம் ஊரில் அந்த இடத்தில் ஒரு பொய்நிழலும் உண்டு: நீண்ட சடை தோளுக்கு முன்னால் விழுந்திருந்தால் மேல்நுனியில் வெளுத்த பட்டை தெரியும். கூந்தலை உயரத் தூக்கிக் கொண்டை போடச் சொல்லாமல் எடுத்த படத்தில் காசநோய் என்று சந்தேகிக்கும்படி ஆகலாம். அந்தப் பட்டை காறை எலும்பைத் தாண்டிக் கழுத்து வரை தொடர்கிறதா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

உதரவிதானத்தின் வலது வளைவு பெரும்பாலோருக்கு இடதைவிடச் சற்று உயரமாக இருக்கும். இரு ஓரங்களிலும் அது விலா எலும்போடு சேரும் மூலை கூர்மையாக இருக்க வேண்டும். நின்று எடுத்த பி.ஏ. படத்தில் அந்த மூலை மழுங்குவதற்கு ஏறக்குறைய 200 மில்லிலிட்டர் நீராவது தேங்கியிருக்க வேண்டும், அதற்குக் குறைவானது இந்தப் படத்தில் தெரியாமல் போகலாம். வலது வளைவுக்குக் கீழே பிறை போன்ற கறுப்பு தெரிந்தால் குடலில் ஓட்டை விழுந்து காற்று வெளியேறியிருக்கலாம். இடப்பக்கம் இரைப்பையின் காற்றுக் குமிழ் இயல்பாகவே இருப்பதால் அங்கே ஏமாறுவது எளிது. கடைசியாக விலா எலும்புகள், தோள்பட்டை, மென்தசைகள் எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்து முடிக்கலாம்.

இந்த வரிசை தேவைதானா என்று தோன்றலாம். 2013இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. டிராஃப்டன் ட்ரூ, மெலிசா வோ, ஜெரமி வோல்ஃப் ஆகியோர் 24 கதிரியக்க மருத்துவர்களிடம் நுரையீரல் சி.டி. படங்களைக் கொடுத்து, சிறு கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். கடைசிப் படங்களில் அந்தக் கட்டியைவிட 48 மடங்கு பெரிய கொரில்லா உருவத்தைச் சேர்த்திருந்தார்கள். 20 பேர் அதைக் காணவில்லை. அவர்களில் பலர் கொரில்லா இருந்த இடத்தையே நேராகப் பார்த்தது கண் அசைவுக் கருவியில் பதிவாகியிருந்தது. தேடாத ஒன்று கண்முன் இருந்தாலும் தெரியாது. எக்ஸ்ரேயிலும் அப்படித்தான், முதலில் ஒரு குறை கிடைத்ததும் தேடல் தானாக நின்றுவிடும், இரண்டாவது குறை தப்பிவிடும்.

ஒரு படத்தை முழுதாகப் பார்க்கலாம். 58 வயதுக்காரர், முப்பது ஆண்டுகளாகப் பீடி குடிப்பவர். மூன்று வாரமாக இருமல், இடையில் இரண்டு நாள் சளியில் இரத்தக் கீற்று. காய்ச்சல் இல்லை. நின்று எடுத்த பி.ஏ. படம் வருகிறது. முதல் பார்வையில் இரண்டு நுரையீரலும் கறுப்பாக, சுத்தமாக இருக்கின்றன. வெள்ளைத் திட்டு தேடும் மாணவர் படம் நார்மல் என்று எழுதிவிடுவார்.

வரிசைப்படி போனால் கதை மாறுகிறது. பெயரும் பக்கமும் சரி. காறை எலும்புகள் சமதூரத்தில் இருக்கின்றன, ஆறு முன்விலாக்களை எண்ண முடிகிறது, இதயத்தின் வழியே முதுகெலும்பு தெரிகிறது. ஆகவே இனிக் காணும் எதையும் படத்தின் குறை என்று தள்ள முடியாது. மூச்சுக்குழாய் மிகச் சற்றே இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. இது மட்டும் என்றால் பொருட்படுத்தத் தேவையில்லை. இதயத்தின் வெளி ஓரங்கள் இரண்டும் தெளிவாக உள்ளன, ஆக லிங்குலாவிலும் வலது நடுமடலிலும் காற்று இருக்கிறது. ஆனால் ஹைலத்தில் கணக்கு உதைக்கிறது: இடது ஹைலம் வலதைவிட ஒரு விரல் அகலம் தாழ்ந்திருக்கிறது. எதுவோ அதைக் கீழே இழுக்கிறது.

இழுப்பது கீழ்மடலாக இருக்க வேண்டும் என்றால், கீழ்மடல் தொடும் கோடு அழிந்திருக்க வேண்டும். இயல்பான படத்தில் இடது உதரவிதானத்தின் வளைவை இதய நிழலுக்குள்ளேயும் தொடர்ந்து, ஏறக்குறைய முதுகெலும்பு வரை பின்பற்ற முடியும். இந்தப் படத்தில் வெளிப்பக்கப் பாதி தெரிகிறது, இதய நிழலுக்குள் நுழைந்ததும் கோடு காணாமல் போகிறது. முதுகெலும்பை ஒட்டி இறங்கும் பெருந்தமனியின் ஓரமும் அதே உயரத்தில் அழிந்திருக்கிறது. இப்போது இதய நிழலுக்குள்ளேயே உற்றுப் பார்த்தால், ஹைலத்திலிருந்து உதரவிதானம் வரை சாய்ந்து இறங்கும் நேரான ஓரம் ஒன்று தெரிகிறது. இதயத்துக்கு இரண்டு இடது ஓரங்கள் இருப்பதுபோன்ற தோற்றம். அந்தக் கோட்டுக்கு உட்பக்கம் பாய்மரம் போன்ற முக்கோண வெளுப்பு. இடது கீழ்மடல் காற்றிழந்து, சுருங்கி, இதயத்துக்குப் பின்னால் மடங்கிக் கிடக்கிறது. காலியான இடத்தை நிரப்ப மேல்மடல் விரிந்திருப்பதால் இடது நுரையீரல் வலதைவிடக் கூடுதல் கறுப்பாகத் தெரிகிறது. சுத்தமாக இருப்பதாக முதலில் தோன்றிய அந்தக் கறுப்பே நோயின் விளைவு.

இதை உறுதிசெய்யப் பக்கவாட்டுப் படம் உதவும். அதில் முதுகெலும்புகள் மேலிருந்து கீழே வரவரக் கறுத்துக்கொண்டே போக வேண்டும், ஏனென்றால் தோள்தசைகள் மேலே தடிப்பாகவும் கீழே நுரையீரல் நிறையவும் இருக்கின்றன. கீழ்மடல் சுருங்கியிருந்தால் கடைசி முதுகெலும்புகள் மறுபடி வெளுக்கும். பழைய எக்ஸ்ரே ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று கேட்பதும் முக்கியம். பல ஆண்டுக்கு முந்தைய படத்திலும் இதே முக்கோணம் இருந்தால் அது பழைய தழும்பாக இருக்கலாம். சென்ற ஆண்டுப் படத்தில் இல்லை என்றால் நிலைமை வேறு.

ஒரு மடல் முழுதாகச் சுருங்குவதற்கு அதற்குப் போகும் மூச்சுக்கிளை அடைபட்டிருக்க வேண்டும் என்பதே முதல் சந்தேகம். குழந்தைக்கு என்றால் விழுங்கும்போது தவறிப்போன வேர்க்கடலையாக இருக்கலாம். அறுவைச் சிகிச்சை முடிந்து இருமத் தயங்குபவருக்குச் சளிக்கட்டி. இருமலில் இரத்தம் கண்ட, நெடுநாள் புகைத்தவருக்கு, வேறு காரணம் நிரூபணமாகும் வரை புற்றுக்கட்டி என்றே நினைக்க வேண்டும். எக்ஸ்ரே அடைப்பின் விளைவைக் காட்டியது, அடைத்தது எது என்பதைக் காட்டாது. கட்டி சிறியதாக மூச்சுக்கிளைக்குள்ளேயே இருந்தால் அதன் நிழல் படத்தில் இருக்கவே இருக்காது. ஆகவே மாணவர் எழுத வேண்டிய குறிப்பு இப்படி அமையும்: “நின்று எடுத்த பி.ஏ. படம், தரம் போதுமானது. இடது ஹைலம் தாழ்ந்துள்ளது, இதயத்துக்குப் பின்னால் முக்கோண நிழல், இடது உதரவிதானத்தின் உட்பகுதிக் கோடு தெரியவில்லை. இடது கீழ்மடல் சுருக்கம். மூச்சுக்கிளை அடைப்பை விலக்க மார்பு சி.டி. மற்றும் பிராங்கோஸ்கோப்பி தேவை.”